மோர் எங்கே விடுவது?

தலைப்பைப் பார்த்துவிட்டுச் சமையல் குறிப்பு என்று எண்ணிக் கரண்டியோடு வந்து உட்காரும் சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்லப் போவது குடிக்கிற மோரைப் பற்றி அல்ல. இங்கிலீஷில் 'அதிகம்' என்ற அர்த்தத்தில் 'மோர்' என்று ஒரு சொல் வருகிறதே, அதைப் பற்றி. ஆனாலும் இரண்டு மோருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் மறுநாள் காலையில் கட்டித் தயிர். கொதிக்கிற பாலில் விட்டாலோ, பால் திரிந்து போகும். இங்கிலீஷ் மோரும் அப்படித்தான். எந்தச் சொல்லுக்கு முன்னால் விடலாம், எதற்கு விடக்கூடாது என்று தெரிந்து விட வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். ஓய்வு என்று பெயர்தான். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக் குழந்தைக்குப் பரீட்சை என்றாலும் என் வீட்டு மணி அடிக்கும். குழந்தைகள் மட்டும் வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். குழந்தையைச் சாக்கு வைத்துக்கொண்டு அம்மாக்களும் வருகிறார்கள். எனக்கு அவர்களிடந்தான் அதிகப் பிரியம்.

அவர்கள் தடுமாறுகிற இடங்களில் முக்கியமானது, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசும் இடம். இதற்குக் காரணம் நம் அறியாமை அல்ல, நம் தமிழ்தான் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 'கமலாவைவிட விமலா உயரம்' என்கிறோம். இதில் 'உயரம்' என்ற சொல்லுக்கு ஏதாவது ஆயிற்றா? ஒரு கீறல்கூட இல்லை. வேலை முழுவதையும் கமலாவின் பின்னால் ஒட்டிக்கொண்ட 'விட' பார்த்துக்கொள்கிறது. உயரம் தன் பாட்டுக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே உயரமும் உடை மாற்றிக்கொள்ள வேண்டும். 'டால்' என்பது 'டாலர்' ஆக வேண்டும். (அமெரிக்க நாணயம் அல்ல, உச்சரிப்பில் அப்படி அமைந்துவிட்டது.) அதோடு 'விட' என்ற இடத்தில் 'தேன்' என்ற சொல்லும் வர வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவரே பார்த்தால் போதும் என்பது தமிழின் சட்டம். அந்தச் சட்டத்தில் வளர்ந்த பெண், 'விமலா இஸ் டால் தேன் கமலா' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பாள். தேன் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்று தோன்றும். இது ஒரு ரகம். ஏதோ குறைகிறது என்று பயந்து, வாலையும் ஒட்டி, முன்னால் மோரையும் விட்டு, 'மோர் டாலர்' என்பது இன்னொரு ரகம். 'இன்னும் அதிக உயரம்' என்று தமிழில் சொன்னால் யாராவது தப்பு என்கிறார்களா?

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெண் குடியிருக்கிறாள். திருவையாற்றுப் பக்கத்துக்காரி. தமிழில் படித்துக் கணக்கில் பட்டம் வாங்கியவள். குழந்தை பிறந்த பிறகு மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேர்முகத்துக்குப் போனாள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். பேச்சுவாக்கில் 'மோர் பெட்டர்' என்று சொல்லிவிட்டாளாம். எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு புன்னகை செய்தாராம். அதற்குப் பிறகு கணக்கில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம்.

"கணக்கில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், டீச்சர்" என்றாள் என்னிடம். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் எழுதி எடுத்து வந்திருந்தாள். ஒரு பக்கக் கடிதம். நான் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த நேர்முகத்துக்குச் சிவப்பு மையா கூட வரப்போகிறது? ஆகவே, "உட்காரம்மா, முதலில் தாடைக்குக் கீழே கையை வை" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

நீங்களும் வையுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். புறங்கை தாடையைத் தொடட்டும். இப்போது 'டால்' என்று சொல்லுங்கள். தாடை ஒரு தடவை இறங்கிக் கையை அழுத்தும். 'ஹாப்பி' என்றால் இரண்டு தடவை. 'பியூட்டிஃபுல்' என்றால் மூன்று. இந்தத் தடவைதான் அசை. வாலா, மோரா என்ற வழக்கில் முதல் சாட்சி இதுதான். ஓர் அசைச் சொல்லுக்கு வால்: 'டாலர்', 'ஷார்ட்டர்', 'கைண்டர்'. எல்லாரையும்விட என்றால் 'டாலஸ்ட்', 'ஷார்ட்டஸ்ட்', 'கைண்டஸ்ட்'. மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் முன்னால் மோர், அல்லது மோஸ்ட்: 'மோர் பியூட்டிஃபுல்', 'மோஸ்ட் இம்பார்ட்டண்ட்'. நீளமான சொல்லுக்கு வாலும் ஒட்டினால் தூக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தமிழ் நாக்குக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. நாம் ஒரு சொல்லை மெய்யெழுத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். 'ஸ்மார்ட்' என்பதை 'ஸ்மார்ட்டு' என்போம். 'கைண்ட்' என்பதைக் 'கைண்டு' என்போம். வாசலுக்கு வந்தவரை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்பதுபோல் கடைசியில் ஓர் 'உ' கொடுத்து அனுப்புகிறோம். அந்த 'உ'வையும் சேர்த்து எண்ணினால் ஓர் அசைச் சொல் இரண்டு அசையாகிவிடும், கணக்குத் தவறிவிடும். கீழ்வீட்டுப் பெண்ணும் முதலில் 'ஸ்மார்ட்டு' என்று இரண்டு எண்ணினாள். "அந்த உகரம் நாம் கொடுத்த சீதனம். அதைக் கழித்துவிட்டு எண்ணு" என்றேன். கணக்குப் படித்தவள் அல்லவா, கழித்தல் சட்டென்று புரிந்துவிட்டது.

ஓர் அசையும் மூன்று அசையும் இப்படிச் சமர்த்தாக நடந்துகொள்கின்றன. நடுவில் இருக்கிற இரண்டு அசைச் சொற்கள்தான், நடுப்பிள்ளைகள்போல, ஆளுக்கொரு சுபாவம். கடிதத்தில் அவளைக் காலை வாரிவிட்டவை பெரும்பாலும் இவைதாம்.

'சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது எனக்குச் சந்தோஷம் அதிகம்' என்ற இடத்தில் 'மோர் ஹாப்பியர்' என்று எழுதியிருந்தாள். 'ஹாப்பி', 'ஈஸி', 'பிஸி', 'ஹெவி', 'பிரெட்டி' என்று 'இ' ஓசையில் முடிந்து, எழுத்தில் 'ஒய்' போடுகிற சொற்களுக்கு வால்தான் வழக்கம். 'ஹாப்பியர்' என்றாலே போதும். எழுதும்போது அந்த 'ஒய்' எழுந்து 'ஐ' எழுத்துக்கு இடம் விட்டுவிடும். இந்தக் குடும்பத்தின் பாசம் ரொம்பக் கெட்டி. முன்னால் 'அன்' சேர்ந்து 'அன்ஹாப்பி' என்று மூன்று அசையானாலும் 'அன்ஹாப்பியர்' என்று வாலைத்தான் வைத்துக்கொள்ளும்.

அடுத்த வாக்கியத்தில் 'மற்றவர்களைவிட எனக்குப் பொறுமை அதிகம்' என்பதற்காகப் 'பேஷண்டர்' என்று எழுதியிருந்தாள். பேஷண்ட் என்பதும் இரண்டு அசைதான், ஹாப்பிக்கு வால் உண்டென்றால் பேஷண்டுக்கு ஏன் இல்லை என்பது அவள் கட்சி. நியாயமான கேள்வி. ஆனால் இரண்டையும் வாயால் சொல்லிப் பாருங்கள். ஹாப்பியின் இரண்டாவது அசை லேசானது. 'இ' என்று திறந்தபடி நிற்கிறது. அதன்மேல் 'அர்' வந்து உட்கார்ந்தால் பாரம் தெரியாது. பேஷண்டின் இரண்டாவது அசையோ 'ஷண்ட்' என்று இரண்டு மெய்களை மூட்டை கட்டிக்கொண்டு முடிகிறது. அதற்கு 'மோர் பேஷண்ட்' என்பதே வழக்கம். 'மாடர்ன்', 'ரீஸெண்ட்' எல்லாம் இந்த ஜாதிதான்.

இதையே சட்டமாக எடுத்துக்கொண்டு நாளைக்கே என்னோடு சண்டைக்கு வந்துவிடாதீர்கள். 'ப்ளெஸண்ட்' என்ற சொல்லும் அதே மூட்டையோடுதான் முடிகிறது; ஆனாலும் 'ப்ளெஸண்டர்' என்று எழுதுகிற நல்ல எழுத்தாளர்கள் உண்டு. 'மோர் ப்ளெஸண்ட்' என்பவர்கள்தான் அதிகம். காது பழகியபடி பாஷை நடக்கிறது. நாம் பின்னாலிருந்து காரணம் கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான்.

அதிக உறுதியோடு சொல்லக் கூடியது ஒன்று உண்டு. 'கேர்ஃபுல்', 'யூஸ்ஃபுல்', 'கேர்லெஸ்', 'ஃபேமஸ்', 'போரிங்', 'வொரீட்' என்று வருகின்றன பாருங்கள், இவற்றுக்கு ஏற்கெனவே ஒரு வால் இருக்கிறது. ஃபுல், லெஸ், அஸ், இங், எட் என்று ஒட்டியவையெல்லாம் வால்தானே! வாலுக்கு ஒரு வாலா? ஆகவே இவை மோரும் மோஸ்டும்தான் கேட்கும். லூயிஸ் கேரல் 1865ல் வெளியிட்ட ஆலிஸ் கதையைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். அதில் அந்தப் பெண் ஆலிஸ் ஆச்சரியம் தாங்காமல் 'க்யூரியஸ்' என்ற சொல்லுக்கு வாலை ஒட்டிவிடுவாள். திகைப்பில் நல்ல இங்கிலீஷே அவளுக்கு மறந்துபோயிற்று என்று ஆசிரியரே அந்த இடத்தில் சொல்லிவிடுகிறார். நம் வீட்டுக் குழந்தை அதைப் படித்துவிட்டு அப்படியே பரீட்சையில் எழுதினால், பாவம், ஆசிரியருக்கு ஆலிஸைத் தெரிந்திருக்க வேண்டும்.

கடிதத்தின் மூன்றாவது சங்கதி 'சிம்பிள்'. 'புத்தகத்தைவிட எளிதான முறையில் சொல்லிக் கொடுப்பேன்' என்பது அவள் சொல்ல வந்தது. 'சிம்பிள் வே தேன் தி புக்' என்று எழுதியிருந்தாள். இங்கே அசலான தமிழ்ப் பழக்கம். தேன் இருக்கிறது, சொல் மட்டும் மாறவில்லை. 'சிம்ப்ளர்' என்று வர வேண்டும். 'சிம்பிள்', 'ஜென்டில்' என்று முடிகிற சொற்களும், 'நாரோ', 'ஷாலோ' என்று ஓகாரத்தில் முடிகிற சொற்களும், 'கிளெவர்' போன்றவையும் வாலை விரும்புகிறவை. ஆனால் ஹாப்பி குடும்பத்தைப் போல் பிடிவாதம் இல்லை. 'கிளெவரர்' என்று சொல்ல நாக்கு இரண்டு தடவை உருள வேண்டியிருக்கிறதே என்று 'மோர் கிளெவர்' என்றால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். 'கொயட்', 'பொலைட்', 'காமன்', 'ஸ்டூபிட்' இவற்றிலும் இரண்டு வழியும் புழக்கத்தில் உண்டு. கொயட்டுக்கு வால்தான் அதிகம். காமனுக்கு இந்தக் காலத்தில் மோர்தான் அதிகம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். வெளியூர்க்காரர்கள் இங்கிலீஷ் கற்பதற்கென்றே ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் போடுகிற அகராதி ஒன்று இருக்கிறது. இப்போது போனிலேயே பார்க்கலாம். அதில் 'ஹாப்பி' என்ற சொல்லைப் பிரித்தால் பக்கத்திலேயே வால் வடிவங்கள் இரண்டையும் கொடுத்திருப்பார்கள். கிளெவர் போன்ற சொல்லுக்கு மோரும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். வால் வடிவமே காட்டாத சொல் என்றால் மோர் விட்டுக்கொள்ளலாம். அகராதி கையில் இல்லாத அவசரத்தில், 'ஒய்'யில் முடியாத இரண்டு அசைச் சொல்லுக்கு மோர் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் விறைப்பாகக் கேட்கலாமே தவிர, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒரே பாஷையில் எதற்காக இப்படி இரண்டு வழி? வால் என்பது பழைய சொத்து. இங்கிலீஷும் ஜெர்மனும் ஒரே தாயாதிகள். ஜெர்மனில் இன்றைக்கும் நீளமான சொல்லுக்குக்கூட வாலைத்தான் ஒட்டுகிறார்கள். 1066ல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசினார்கள். பிரெஞ்சில் வால் கிடையாது, குணச்சொல்லுக்கு முன்னால் ஒரு சொல்லை நிறுத்துவதுதான் வழக்கம். பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் நீள நீளமான சொற்கள் ஆயிரக்கணக்கில் குடியேறின. அதற்குப் பிறகு இங்கிலீஷில் மோர் முறை வலுத்தது. அது ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பழைய வீட்டுச் சின்னச் சொற்கள் வாலோடும், வந்தேறிய பெரிய சொற்கள் மோரோடும் குடித்தனம் செய்வதைப் பார்த்தால் அந்தச் சரித்திரம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது.

இனி, பாவம், அந்தப் பெண்ணை அவமானப்படுத்திய 'பெட்டர்' என்ற சொல்லுக்கு வருவோம்.

'குட்' என்பது நல்ல. அதற்கு 'குட்டர்' என்றுதானே வர வேண்டும்? வரவில்லை. 'பெட்டர்', 'பெஸ்ட்' என்று வேறு வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையிலேயே வேறு வீடுதான். குட் என்ற சொல்லுக்கும் பெட்டருக்கும் வேர் வேறு. பெட்டர் பிறந்த குடும்பத்தில் 'நல்ல' என்று சொல்கிற முதல் படிச் சொல் இங்கிலீஷில் கிடையவே கிடையாது. குட் வீட்டிலோ மேல் படிகள் இல்லை. மனைவியை இழந்தவர் கணவனை இழந்தவளைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரே குடித்தனமாக ஆனதுபோல் இரண்டும் சேர்ந்துகொண்டன. ஜெர்மனிலும் இதே கதை: 'கூட்', 'பெஸ்ஸர்', 'பெஸ்ட்'. 'பேட்', 'வொர்ஸ்', 'வொர்ஸ்ட்' என்பதும் இப்படித்தான். வொர்ஸ் ஆதியில் 'ஈவில்' என்ற சொல்லின் துணை. பேட் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதைச் சொல்லிவிட்டு, "பெட்டரின் கடைசியில் என்ன கேட்கிறது?" என்றேன். "அர்" என்றாள். அந்த வால் அங்கே முதலிலிருந்தே இருக்கிறது. 'இன்னும் நல்ல' என்ற அர்த்தம் முழுவதும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதன்மேல் மோர் விட இடம் ஏது? 'மச் பெட்டர்' என்று வேண்டுமானால் சொல்லலாம். 'எவ்வளவோ மேல்' என்கிறோமே, அந்த அர்த்தத்தில். அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு மோருக்குப் பதில் 'மச்' இருக்கிறது. ஹாப்பியருக்கும் டாலருக்கும்கூட அதைத் தாராளமாக வைக்கலாம்.

சிரித்தாரே அந்த மகானுபாவர், அவருக்கு ஒன்று தெரிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஷேக்ஸ்பியர் இந்த இரட்டிப்பு வேலையை மேடையில் பகிரங்கமாகச் செய்திருக்கிறார். 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், சீஸரின் சடலத்துக்குப் பக்கத்தில் ஆண்டனி பேசுகிற புகழ்பெற்ற பேச்சில், வாலும் ஒட்டி மோஸ்டும் சேர்த்து ஒரு சொல் வருகிறது. அந்தக் காலத்தில் அது அழுத்தம்; குற்றம் அல்ல. பிற்பாடு லண்டனுக்கு பிஷப்பாக வந்த ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762ல் ஓர் இலக்கணப் புத்தகம் எழுதினார். இரட்டிப்பு ஆகாது என்று அதில் கண்டித்தார். அவரைப் போன்ற இலக்கணக்காரர்கள் காலத்திலிருந்துதான் படித்தவர்கள் மத்தியில் அது கூடாத காரியமாயிற்று. இன்றைக்கு நேர்முகத்துக்குப் போகிறவள் ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் அந்தச் சொல் அவளுடைய மூளையின் குறையைக் காட்டுகிறது என்று யாராவது நினைத்தால் அது சுத்த அபத்தம்.

கடிதத்தின் முதல் வரியில் 'உங்கள் பள்ளிக்கூடம் என் வீட்டுக்கு மோர் நியரர்' என்று எழுதியிருந்தாள். மோரை எடுத்துவிட்டு 'நியரர்' என்று விடச் சொன்னேன். வேடிக்கை என்னவென்றால் அந்த நியரரே ஓர் இரட்டிப்புத்தான். பழைய இங்கிலீஷில் 'கிட்ட' என்பதற்கு 'நை' என்று இன்று ஒலிக்கும் சொல்தான் மூலம். 'இன்னும் கிட்ட' என்றால் 'நியர்'. 'எல்லாவற்றிலும் கிட்ட' என்றால் 'நெக்ஸ்ட்'. நாளாவட்டத்தில் நியர் என்பதன் வால் ஜனங்கள் கண்ணில் படாமல் போய்விட்டது. அதை வெறும் 'கிட்ட' என்று நினைத்து இன்னொரு 'அர்' ஒட்டினார்கள். அந்தத் தப்பு ஊரோடு சேர்ந்து ஒத்துக்கொள்ளப்பட்டு இன்று சரியாகிவிட்டது. 'லெஸ்' என்பதன்மேல் வால் ஒட்டிய 'லெஸ்ஸர்' கதையும் இதுதான். தனியாகச் செய்தால் தப்பு. ஊர் முழுவதும் செய்தால் இலக்கணம்.

அடுத்தது நம் தமிழ்க் குடும்பங்களில் தினம் புழங்குகிற விஷயம்: அக்கா. 'என்னைவிட மூத்தவளான என் அக்காவும் ஆசிரியை' என்பதை 'எல்டர் தேன் மீ' என்று எழுதியிருந்தாள். 'ஓல்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு ஜோடிகள் உண்டு. 'ஓல்டர், ஓல்டஸ்ட்' என்பது எல்லா இடத்துக்கும் பொது. 'எல்டர், எல்டஸ்ட்' என்பது பழைய ஜோடி. உயிரோசை மாறிப் போன தாத்தா காலத்து உருப்படி. இப்போது பெரும்பாலும் குடும்பத்துக்குள் மட்டும் வேலை செய்கிறது, அதுவும் உறவுச் சொல்லுக்கு முன்னால் நின்று: 'எல்டர் சிஸ்டர்', 'எல்டஸ்ட் டாட்டர்'. தேனோடு அது சேராது. ஆகவே அக்கா என்று சொல்ல 'மை எல்டர் சிஸ்டர்'. என்னைவிட நாலு வயது பெரியவள் என்று சொல்ல 'ஓல்டர் தேன் மீ'. நம் ஊரில் 'எல்டர் டு மீ' என்றும் ஒன்று நடமாடுகிறது. 'ஸீனியர்', 'ஜூனியர்', 'ஸுபீரியர்' போன்ற லத்தீன் சொற்களுக்குத் தேனுக்குப் பதில் 'டு' வரும். அதைப் பார்த்து எல்டருக்கும் பழகியிருக்கலாம். இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். இங்கிலாந்துக்காரர் காதுக்கு உறுத்தும். எனக்கு அதன்மேல் பெரிய கோபம் இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் வேண்டாம் என்றேன்.

கடைசி வரியில் 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்' என்று இருந்தது. இங்கே ஒப்பீட்டுச் சொல் சரி, 'தி'யும் வந்திருக்கிறது. ஸ்டூடண்டுக்குப் பின்னால்தான் ஓர் 'எஸ்' காணாமல் போயிருந்தது. இந்த ஓர் இடத்தில் நம் தமிழ் நமக்கு எதிரி அல்ல, துணை. 'சிறந்த மாணவிகளில் ஒருத்தி' என்றுதானே சொல்கிறோம்? மாணவியில் ஒருத்தி என்றா சொல்கிறோம்? தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் அந்த எஸ் தானே வந்து நிற்கும்.

அவள் கடிதத்தைப் புதிதாக எழுதி முடிப்பதற்குள் நான் காப்பி கலந்து வந்தேன். "டீச்சர், ஓர் அசைச் சொல்லுக்கு மோர் வரவே வராதா?" என்று கேட்டாள். வரும். அபூர்வமாக, ஆனால் அவசியமாக வருகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு ஆட்களை ஒப்பிடாமல், ஒரே ஆளிடத்தில் இருக்கிற இரண்டு குணங்களை ஒப்பிடும்போது வால் உதவாது. இவருக்குக் கோபம் என்று சொல்வதைவிட வருத்தம் என்று சொல்வதே பொருத்தம் என்கிறோம் பாருங்கள், அந்த மாதிரி. 'மோர் ஸாட் தேன் ஆங்ரி' என்றுதான் அப்போது சொல்ல வேண்டும். ஸாட் ஓர் அசைதான். இருந்தாலும் 'ஸாடர்' என்றால் அர்த்தம் மாறிவிடும்.

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். தாடைக்குக் கீழே கையைக்கூட வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அப்படியானால், டீச்சர், அன்றைக்குச் சிரித்தாரே, அவர் 'மோர் ஸ்மார்ட் தேன் கைண்ட்'. சரிதானே?" என்றாள்.

உகரம் எதுவும் சேர்க்காமல், சுத்தமாக.